காலேஜ் வைஃபையில் லினக்ஸ் இன்ஸ்டால்: பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் கனெக்ட் ஆகாதது ஏன்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களில் பலர் அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். மாணவர்கள் இதைச் செய்யும் இடம் பெரும்பாலும் ஹாஸ்டல் அறை. வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஆபீஸ் மேஜை. இரண்டு இடத்திலும் வைஃபை உண்டு. ஆனால், அது வீட்டு வைஃபை மாதிரி ஒற்றைப் பாஸ்வேர்டில் திறக்காது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கேட்கும்.

இன்ஸ்டாலேஷன் பாதியில் நின்றுபோவது இந்த இடத்தில்தான். அவசரத்தில் பாஸ்வேர்டையே பறிகொடுக்கும் வாய்ப்பும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு ஹாஸ்டல் ராத்திரி

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவை பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் டெபியன் லினக்ஸின் `netinst` ஃபைலை பென் டிரைவில் ஏற்றிவைத்திருக்கிறார். அளவு ஒரு ஜி.பி.க்கும் குறைவு. அதனால்தான் பலரும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால், இந்தச் சிறிய ஃபைலில் இருப்பது அடிப்படை சிஸ்டம் மட்டுமே. டெஸ்க்டாப், பிரவுசர், மற்ற எல்லாமே இன்ஸ்டால் ஆகும்போது இணையத்திலிருந்து இறங்க வேண்டும். அது ஒரு ஜி.பி.யைத் தாண்டும்.

மொழி, நாடு, கீபோர்டு எல்லாம் தேர்வு செய்தாயிற்று. அடுத்து வைஃபை பட்டியல் வருகிறது. கல்லூரியின் பெயரும் அதில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, `WPA/WPA2 PSK` என்ற வகையைச் சொன்னதும் ஒரே ஒரு பெட்டி திறக்கிறது. பாஸ்வேர்டைப் போடுகிறார். சில நொடிகளில் `Failure of key exchange and association` என்று வருகிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் சரிபார்த்து மறுபடி போடுகிறார். மறுபடியும் அதே செய்தி.

"அக்கா, பாஸ்வேர்ட் கரெக்டாதான் போடுறேன். போன்ல இதே பாஸ்வேர்ட்லதான் கனெக்ட் ஆகியிருக்கு. இங்க மட்டும் ஆகவே மாட்டேங்குது" என்று பக்கத்து அறை இறுதியாண்டு மாணவியிடம் போய் நிற்கிறார்.

அவர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்வி: "இது யூசர்நேம் எங்கடி கேட்டுச்சு?"

விஷயம் அவ்வளவுதான். போனில் அவர் கொடுத்தது ரோல் நம்பரும் பாஸ்வேர்டும். இன்ஸ்டாலர் கேட்டது பாஸ்வேர்டை மட்டும். ரோல் நம்பரைப் போட அங்கே இடமே இல்லை.

பூட்டு ஒன்றல்ல, இரண்டு வகை

வீட்டு வைஃபை எல்லோருக்கும் ஒரே சாவியைக் கொடுக்கும். திரையில் `PSK` என்று வருவது அந்தப் பொதுச்சாவி முறைதான். கல்லூரியில் ஆயிரக்கணக்கானோர் இருக்கும்போது இது சரிவராது. ஒருவர் படிப்பை முடித்துப் போகும்போது அவருடைய அனுமதியை மட்டும் நிறுத்த வழியில்லை, எல்லோருடைய சாவியையும் மாற்ற வேண்டிவரும். அதனால் கல்லூரிகளும் அலுவலகங்களும் ஆளுக்கொரு லாகின் வைக்கின்றன. அதில் தவறில்லை. அந்த லாகினைக் கேட்பதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, வைஃபையில் சேரும்போதே யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்பது. செட்டிங்ஸில் இதற்கு `WPA2 Enterprise` என்று பெயர். பல பல்கலைக்கழகங்களில் இருக்கும் எடுரோம் இந்த வகைதான். இந்தியாவில் அதை எர்நெட் ஒருங்கிணைக்கிறது. டெபியன் இன்ஸ்டாலருக்கு இந்த வகை தெரியாது. பூட்டில்லாத நெட்வொர்க், பழைய `WEP`, பொதுச்சாவி ஆகிய மூன்றைத்தான் அது கேட்கும். யூசர்நேம் இல்லாமல் பாஸ்வேர்டை எத்தனை முறை போட்டாலும் பலன் ஒன்றுதான். அந்த மாணவியின் பாஸ்வேர்டில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

இரண்டாவது வழி, யாரை வேண்டுமானாலும் உள்ளே விட்டுவிட்டு, பிரவுசரில் ஒரு லாகின் பக்கத்தைக் காட்டுவது. ஏர்போர்ட், ஓட்டல்களில் பார்ப்பது இதைத்தான். பல விடுதிகளிலும் ஆபீஸ் விருந்தினர் வைஃபையிலும் இதுவே இருக்கிறது. இங்கே சிக்கல் வேறு மாதிரி. இன்ஸ்டாலர் வைஃபையில் சுலபமாகச் சேர்ந்துவிடும். ஐ.பி. முகவரியும் கிடைத்துவிடும். எல்லாம் சரி என்று தோன்றும். பிறகு, டெஸ்க்டாப்பை இறக்கும் கட்டத்துக்கு வரும்போது `Bad archive mirror` என்று நிற்கும்.

என்ன நடந்தது? இன்ஸ்டாலர் டெபியன் சர்வரிடம் `Release` என்ற ஒரு சிறிய பட்டியல் ஃபைலைக் கேட்டது. நடுவில் நிற்கும் கல்லூரி நெட்வொர்க், "முதலில் லாகின் செய்" என்று தன்னுடைய பக்கத்தைக் கையில் கொடுத்தது. இன்ஸ்டாலரில் பிரவுசர் இல்லை. வந்தது லாகின் பக்கம் என்பதும் அதற்குப் புரியாது. பட்டியலை எதிர்பார்த்த இடத்தில் வேறு ஏதோ வந்ததால் சர்வர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறது. பயனரும் அதை நம்பி, ஜப்பான் சர்வர், ஜெர்மனி சர்வர் என்று மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறார்.

ஆக, அடையாளம் எளிது. சேரும்போதே தோற்றால் முதல் வகை. சேர்ந்த பிறகு எதுவுமே இறங்காவிட்டால் பெரும்பாலும் இரண்டாம் வகை.

போனை நடுவில் வைத்தால் முடிந்தது

இரண்டு பூட்டுக்கும் ஒரே தீர்வு பெரும்பாலும் சட்டைப்பையிலேயே இருக்கிறது. லாகின் பண்ணத் தெரியாத இன்ஸ்டாலரோடு மல்லுக்கட்டுவதைவிட, ஏற்கெனவே லாகின் ஆன போனை நடுவில் வைப்பது புத்திசாலித்தனம்.

அந்த இறுதியாண்டு மாணவி செய்ததும் அதுதான். ஆண்ட்ராய்டு போன் கல்லூரி வைஃபையில் இருக்கிறது. யு.எஸ்.பி. கேபிளால் லேப்டாப்பில் செருகினார். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்தார். இன்ஸ்டாலர் மெனுவில் பின்னால் போய் `Detect network hardware` என்பதை மறுபடி ஓடவிட்டார். இப்போது பட்டியலில் வைஃபையோடு இன்னொரு வரியும் வருகிறது. அதன் பெயர் `usb0` என்றோ `enx` என்று தொடங்கும் நீளமான பெயராகவோ இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும், லேப்டாப்புக்கு அது ஏதோ கேபிள் இணைப்பு மாதிரி தெரிகிறது. லாகின் எதுவும் கேட்கவில்லை. டவுன்லோடு ஓட ஆரம்பித்தது.

இங்கே மூன்று இடத்தில் தடுக்கலாம். முதலாவது கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் டெதரிங் பட்டன் மங்கலாகவே இருக்கும், அழுத்த முடியாது. கேபிளை மாற்றினால் சரியாகிவிடும். இரண்டாவது டேட்டா. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் வைஃபையை யு.எஸ்.பி. வழியாகப் பகிரும். சில போன்கள் மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். ஆரம்பத்திலேயே மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு முயன்றால் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அன்றைய ஒன்றரை ஜி.பி. பேக் டெஸ்க்டாப் இறங்குவதற்குள் காலி. மூன்றாவது நேரம். பிரவுசர் லாகின் வகையில் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக லாக் அவுட் ஆகும் இடங்கள் உண்டு. டவுன்லோடு நடுவில் நின்றால் போனில் மறுபடி லாகின் செய்துவிட்டு, இன்ஸ்டாலரில் மீண்டும் முயலச் சொன்னால் போதும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி டெபியன் இன்ஸ்டாலரில் கைகொடுக்காது. அதற்குத் தேவையான மென்பொருள் இன்ஸ்டாலருக்குள் இருப்பதில்லை. நண்பரின் ஆண்ட்ராய்டு போனை அரை மணி நேரம் கடன் வாங்குவது நல்லது.

இன்னொரு விஷயம். விடுதியில் ஹாட்ஸ்பாட் வைக்கக் கூடாது என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. கேபிள் வழிப் பகிர்வு புதிதாக எந்த வைஃபையையும் பரப்பாது. ஆனாலும், ஆபீஸாக இருந்தால் ஐ.டி. பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வதே சரி.

விண்டோஸிலும் இதே கதைதான். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் செட்டப் இணையம் இல்லாமல் அடுத்த திரைக்கு விடாது. அதைத் தாண்ட உதவிய `bypassnro` என்ற குறுக்குவழியையும் மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்பிலிருந்து நீக்கியது. அங்கேயும் யு.எஸ்.பி. டெதரிங் வேலை செய்யும். தேவையான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால், வைஃபை டிரைவர் இல்லாத லேப்டாப்பைக்கூட இந்த வழி காப்பாற்றும்.

அந்த ஒரு டிக் வேண்டாம்

பிரவுசர் உட்பட முழு டெஸ்க்டாப்பும் பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் பதிப்புகளும் உண்டு. உபுண்டு அப்படித்தான் வருகிறது. ஃபைல் சுமார் 6 ஜி.பி. இருக்கும். அதில் கல்லூரி வைஃபையைத் தொட்டால் யூசர்நேமும் கேட்கும், பாஸ்வேர்டும் கேட்கும். அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. உண்மையான ஆபத்து ஆரம்பிப்பது இந்தத் திரையில்தான். `Authentication`, `Domain`, `CA certificate`, `Inner authentication` என்று வரிசையாகப் பெட்டிகள் வருகின்றன. எதில் என்ன போடுவது என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. கீழே `No CA certificate is required` என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் சட்டென்று கனெக்ட் ஆகிவிடுகிறது. "அதை டிக் பண்ணிடு, வேலை செய்யும்" என்பதுதான் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லும் பரம்பரை அறிவுரை.

வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால், அந்தக் கட்டத்தின் பொருள் என்ன? எதிரில் இருப்பது கல்லூரியின் சர்வர்தானா என்று பார்க்காமலே என் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடு என்பதுதான். வைஃபை பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். கேன்டீனில் உட்கார்ந்துகொண்டு, கல்லூரியின் அதே பெயரில் ஒருவர் தன் லேப்டாப்பிலிருந்து வைஃபை பரப்பினால், சான்றிதழைச் சோதிக்காத கருவி அதனிடமும் போய் லாகின் செய்யும். அதைப் பயனர் கவனிக்கவே மாட்டார்.

"பாஸ்வேர்ட் நேராகப் போவதில்லையே, மறைத்துத்தானே அனுப்புகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரி. `Inner authentication` பெட்டியில் `PAP` என்று இருந்தால், போலி சர்வரின் கைக்குப் பாஸ்வேர்ட் அப்படியே போய்ச் சேரும். பெரும்பாலான இடங்களில் இருக்கும் `MSCHAPv2` பாஸ்வேர்டை நேராக அனுப்பாது. ஆனால், அதன் பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால் உடைக்கலாம் என்று மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேவிட் ஹல்ட்டன் ஆகிய இருவரும் 2012-ல் டெஃப்கான் மாநாட்டில் காட்டிவிட்டார்கள். பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த முறைக்கு எதிராக அது பெரிய தடையில்லை.

வைஃபை பாஸ்வேர்ட் போனால் என்ன, யாரோ கொஞ்சம் நெட் பார்ப்பார்கள் என்று நினைக்கலாம். பல கல்லூரிகளில் அதே பாஸ்வேர்டில்தான் மாணவரின் மின்னஞ்சலும் மதிப்பெண் பக்கமும் திறக்கின்றன. ஆபீஸில் என்றால் கம்பெனியின் ஃபைல்களே திறந்துவிடும். இந்த ஓட்டையைக் கருத்தில் கொண்டுதான் 2020 டிசம்பர் அப்டேட்டில் பிக்ஸல் போன்களிலிருந்து, சான்றிதழைச் சோதிக்க வேண்டாம் என்ற தேர்வையே கூகுள் எடுத்துவிட்டது. லேப்டாப்பில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது.

சரியான வழி இதுதான். இன்ஸ்டாலேஷனை போன் வழியாக முடித்துவிட வேண்டும். புது டெஸ்க்டாப் வந்த பிறகு, நிதானமாகக் கல்லூரி வைஃபையைச் சேர்க்க வேண்டும். அதற்குக் கல்லூரியிடமிருந்து இரண்டு விவரங்கள் தேவை: எந்தச் சான்றிதழ், சர்வரின் பெயர் என்ன. சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு `Domain` பெட்டியைக் காலியாக விடக் கூடாது. அதே நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிய வேறு யாரும் அப்போது உள்ளே வந்துவிடலாம். எடுரோம் உள்ள கல்லூரி என்றால் வேலை இன்னும் சுலபம். கல்லூரி தன் விவரங்களை `cat.eduroam.org` தளத்தில் பதிந்திருந்தால், அங்கே கிடைக்கும் சிறிய புரோகிராம் எல்லாப் பெட்டிகளையும் தானே நிரப்பிவிடும்.

எல்லாம் சரியாகக் கொடுத்தும் கனெக்ட் ஆகவில்லை என்றால் லேப்டாப்பின் தேதியைப் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்பில் கடிகார பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் நிராகரிக்கப்படும். இந்த நேரத்தில் தேதியை மாற்ற வேண்டுமே தவிர, அந்தக் கட்டத்தை டிக் செய்யக் கூடாது.

யார் சரிசெய்ய வேண்டும்?

இதில் மாணவர்களையோ புது ஊழியர்களையோ குறைசொல்வது எளிது. "செட்டிங்ஸ்ல ஒழுங்காப் போடணும்" என்று சொல்லிவிடலாம். ஆனால், அந்த மாணவி செய்த தவறு என்ன? யூசர்நேம் பெட்டி இல்லாத இடத்தில் யூசர்நேமைப் போடாததா?

முதல் பொறுப்பு இன்ஸ்டாலர் செய்பவர்களுடையது. டெபியனைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். பழைய மெஷினிலும் ஓட வேண்டிய சிறிய இன்ஸ்டாலருக்குள் பிரவுசரைத் திணிக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால், உண்மையைச் சொல்வதற்கு பிரவுசர் தேவையில்லை. தேர்ந்தெடுத்த வைஃபை எந்த வகை என்பதை அந்த வைஃபையே அறிவிக்கிறது. இது தனி லாகின் கேட்கும் வைஃபை, இங்கே இதில் சேர முடியாது என்று ஒரு வரி காட்டலாம். பட்டியல் ஃபைலுக்குப் பதில் ஒரு வலைப்பக்கம் வந்தால், நடுவில் லாகின் பக்கம் இருக்கலாம் என்று சொல்லலாம். லாகின் பக்கம் இருப்பதை நெட்வொர்க்கே கருவிக்குத் தெரிவிப்பதற்கான தரநிலைகூட 2020-லேயே வந்துவிட்டது. அதன் பெயர் `RFC 8910`. சர்வர் கெட்டுவிட்டது என்ற தவறான செய்தியைவிட இது எதுவுமே மேல்.

அதைவிடப் பெரிய பொறுப்பு கல்லூரி, அலுவலக ஐ.டி. பிரிவுகளுடையது. சான்றிதழும் சர்வர் பெயரும் ரகசியம் அல்ல. அவற்றை விடுதி நோட்டீஸ் போர்டில் நான்கு வரியில் ஒட்டலாம், புது ஊழியருக்குக் கொடுக்கும் தாளில் அச்சிடலாம். பல இடங்களில் அது இல்லை. அதனால்தான் சீனியரின் "டிக் பண்ணிடு" அதிகாரபூர்வ வழிகாட்டியாகிவிடுகிறது. ஆளுக்கொரு பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, எது நம் வாசல் என்று சொல்லாமல் விடுவதால் பூட்டுக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது.

இன்னொன்றும் செய்யலாம். லேபில் ஒரு மேஜை, ஒரு நெட்வொர்க் கேபிள். மெஷினின் அடையாள எண்ணைப் பதிவு செய்துகொண்டு, லாகின் கேட்காமல் சில மணி நேரம் இணையம் தரலாம். இன்ஸ்டால் செய்ய வருபவர் யார் என்பதும் பதிவாகும். வேலையும் முடியும். இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அந்த விடுதி அறையில் டெஸ்க்டாப் வந்து நின்றதும் இரண்டாம் ஆண்டு மாணவி முதலில் செய்யப்போனது கல்லூரி வைஃபையைத் தொடுவதுதான். "அக்கா, இங்க சர்டிஃபிகேட்னு கேக்குது. வேணாம்னு டிக் போட்டுடவா?"

"போடாத. காலைல லேப்ல போய் சர்வர் பேரக் கேட்டுட்டு வா. அதுவரைக்கும் போன் கேபிள்லயே இருக்கட்டும்."